பெரிய படம், சின்னத் திரை: ராஸ்டர் கோப்புக்குப் பிரமிடு கட்டும் விதம்

செயற்கைக்கோள் எடுத்த படம், டிரோன் படங்களை ஒட்டிச் சேர்த்த பெரும்படம், ஸ்கேன் செய்த பழைய நிலவரைபடம், மலை மேடு பள்ளங்களின் உயரத் தரவு ஆகிய எல்லாமே கணினிக்கு ஒன்றுதான்: வரிசை வரிசையாக அடுக்கிய எண்களின் கட்டம். வரைபடத் துறையில் இதை ராஸ்டர் என்பார்கள். கட்டத்தின் ஒவ்வொரு சதுரமும் ஒரு பிக்சல். பிக்சல்களின் எண்ணிக்கை சில கோடிகளைத் தாண்டியதும் எல்லா அலுவலகங்களிலும் ஒரே புகார் எழும். கோப்பைத் திறந்தால் திரை வெறுமையாகவே நிற்கிறது. கொஞ்சம் நகர்த்தினால் மறுபடியும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கணினி பழசாகிவிட்டது, நினைவகம் போதாது என்று முடிவு கட்டிப் புதிய கணினி வாங்குவோரும் உண்டு. பெரும்பாலும் கோளாறு கணினியில் இருக்காது, கோப்பின் அமைப்பில் இருக்கும்.

ஓர் உண்மையான படத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இது விளங்கும். நாசா 2005-இல் வெளியிட்ட ‘புளூ மார்பிள் நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ மேகமில்லாத முழு உலகப் படம். 2004-ஆம் ஆண்டின் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்றாகப் பன்னிரண்டு படங்கள்; யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முழு அளவில் ஒரு படம் குறுக்கே 86,400 பிக்சல், நெடுக்கே 43,200 பிக்சல். நிலநடுக்கோட்டில் ஒரு பிக்சல் ஏறத்தாழ அரை கிலோமீட்டர். சிவப்பு, பச்சை, நீலம் என்று பிக்சலுக்கு மூன்று பைட் வீதம் பார்த்தால், அமுக்காத நிலையில் ஒரு மாதத்துப் படம் 11.2 ஜிபி.

மேசைக் கணினியின் திரையில் படத்துக்கு ஒதுங்கும் இடம் ஏறத்தாழ 1,920 பிக்சல் அகலம், 960 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் அதற்குள் தெரிய வேண்டுமானால் திரையின் ஒரு புள்ளிக்குப் படத்தின் 45 பிக்சல் அகலமும் 45 பிக்சல் உயரமும் உள்ள சதுரம் அடங்க வேண்டும். அதாவது 2,025 பிக்சல்களுக்கு ஒரே புள்ளி. திரைக்குத் தேவைப்படும் தரவு ஐந்தரை எம்பி மட்டுமே. அந்த ஐந்தரை எம்பியைப் பொறுக்கி எடுக்க மென்பொருள் 11.2 ஜிபி முழுவதையும் கடந்து வர வேண்டியிருக்கலாம். நொடிக்கு 120 எம்பி படிக்கும் சாதாரண வன்தட்டில் அதற்கு ஒன்றரை நிமிடம் ஆகும். அமுக்கிய கோப்பாக இருந்தால் அதை விரிக்கும் நேரமும் சேரும். இத்தனையும் திரையில் ஒரே ஒரு முறை படம் தெரிவதற்கு. பயனர் படத்தை இழுத்து நகர்த்தும்போது மென்பொருள் திரையை மறுபடி வரைகிறது, அதே பாடு மறுபடி தொடங்குகிறது.

இதற்கான தீர்வு எளிமையானது. சுருக்கிய பிரதிகளை முன்கூட்டியே செய்து கோப்போடு வைத்துவிட வேண்டும். முதல் பிரதி அகலத்திலும் உயரத்திலும் பாதி: 43,200 × 21,600. அடுத்தது அதில் பாதி, அதற்கடுத்தது இன்னும் பாதி. கோயில் கோபுரத்தின் நிலைகளைப் போல மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும் இந்த அடுக்குக்குப் பிரமிடு என்று பெயர். ஒவ்வொரு நிலையும் ஓர் ஓவர்வியூ. ஆர்க்ஜிஐஎஸ், கியூஜிஐஎஸ் ஆகியவற்றின் பட்டியல்களில் ‘பிரமிடு’ என்ற சொல்லே இருக்கும். இவற்றில் பலவும் உள்ளுக்குள் பயன்படுத்தும் ஜிடால் நிரலகத்தில் ‘ஓவர்வியூ’ என்ற சொல் இருக்கும். இரண்டும் ஒரே பொருளைத்தான் சுட்டுகின்றன.

பிரமிடு இருந்தால் உலகம் முழுவதையும் காட்ட மென்பொருள் அசல் படத்தைத் தொடுவதே இல்லை. 32-இல் ஒரு பங்காகச் சுருங்கிய பிரதியை எடுத்துக்கொள்கிறது. அது 2,700 × 1,350 பிக்சல், வெறும் 11 எம்பி. திரையின் 1,920 பிக்சலுக்குத் தேவையானதைவிடச் சற்றே கூடுதல் நுணுக்கம் அதில் இருப்பதால் சிறிது சுருக்கினால் போதும். இடைநிலையிலும் இதே ஆதாயம் உண்டு. திரையின் ஒரு புள்ளிக்கு ஆறு பிக்சல் என்ற அளவில் இந்தியப் பெருங்கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், பிரமிடு இல்லாமல் அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் அசல் தரவு 199 எம்பி. நான்கில் ஒரு பங்குப் பிரதியிலிருந்து எடுத்தால் பன்னிரண்டரை எம்பி. ஒவ்வொரு நகர்த்தலிலும் மிச்சமாவது இதுதான். பெரிய படம் விரல் சொன்னபடி வழுக்கிக்கொண்டு வருவதற்கு வேறு மாயம் எதுவும் இல்லை.

இதற்குக் கொடுக்கும் விலையும் அதிகமில்லை. பாதி அகலம், பாதி உயரம் என்றால் பரப்பில் கால் பங்கு. கால், அதில் கால், அதில் கால் என்று எல்லா நிலைகளையும் கூட்டினாலும் அசலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. புளூ மார்பிளுக்கு அமுக்காமல் 3.7 ஜிபி கூடுதலாகும். அதில் 2.8 ஜிபியை முதல் நிலை ஒன்றே விழுங்கிவிடும். மேலே இருப்பவை எல்லாம் சில்லறை.

பிரமிடுக்கு முன் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. பலர் இதைத் தவறவிட்டுவிட்டு, ‘பிரமிடு கட்டியும் வேகம் வரவில்லை’ என்பார்கள். கோப்புக்குள் பிக்சல்கள் எந்த ஒழுங்கில் படுத்திருக்கின்றன என்பதுதான் அது. டிஃப் கோப்பு பொதுவாகப் பிக்சல்களைக் கிடைவரியாக அடுக்கும். புளூ மார்பிளில் ஒரு கிடைவரி இரண்டரை லட்சம் பைட்டுக்கு மேல். ஒரு சிறு துண்டை, சுமார் ஆயிரம் பிக்சல் அகலமும் எண்ணூறு பிக்சல் உயரமும் உள்ள சட்டத்தில், முழு நுணுக்கத்தில் பார்க்க எண்ணூறு வரிகளைத் தொட வேண்டும். ஒவ்வொரு வரியும் படத்தின் மேற்கு விளிம்பில் தொடங்கிக் கிழக்கு விளிம்பில் முடிகிற முழு வரி. 2.4 எம்பி வேண்டிய இடத்தில் 207 எம்பி படிக்க நேர்கிறது. பிரமிடு இங்கே உதவாது, ஏனென்றால் பார்ப்பது அசல் நுணுக்கத்தில். கோப்பை 256 × 256 பிக்சல் சதுரங்களாக, அதாவது டைல்களாக, அடுக்கினால் அதிகபட்சம் 25 டைல்களில் வேலை முடிந்துவிடும். ஐந்து எம்பிக்கும் குறைவு.

ஆனால் டைல் மட்டும் இருந்து பிரமிடு இல்லாவிட்டால் தூரத்துப் பார்வை முன்பைவிட மோசமாகும் என்பதையும் சொல்ல வேண்டும். 45 பிக்சலுக்கு ஒன்று என்று பொறுக்கினாலும் படத்தின் 57,122 டைல்களிலும் ஏதோ ஒரு பிக்சல் அகப்பட்டுவிடும், ஆகவே எல்லாவற்றையும் விரித்தாக வேண்டும். கிடைவரி அமைப்பில் இடையில் உள்ள வரிகளையாவது தாண்டிப் போகலாம். ஆக, டைல் கிட்டத்துப் பார்வைக்கு, பிரமிடு தூரத்துப் பார்வைக்கு. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

புளூ மார்பிள் எட்டுத் துண்டுகளாகக் கிடைக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக A முதல் D வரை, வடக்குப் பாதிக்கு 1, தெற்குப் பாதிக்கு 2. ஒவ்வொரு துண்டும் 90 பாகைச் சதுரம், 21,600 பிக்சல் பக்கம். பிஎன்ஜி வடிவில் வரும் துண்டுகளுக்குப் பூமியில் தாம் எங்கே இருக்கின்றன என்பது தெரியாது. அதை முதலில் சொல்லிவைத்து, எட்டையும் ஒரு மெய்நிகர் கோப்பாகக் கோத்து, பிறகு டைல் போட்ட ஒரே டிஃப்பாக எழுத வேண்டும். பெயர்கள் நீளமானவை என்பதால் கீழே சுருக்கியிருக்கிறது:

```
gdal_translate -a_srs EPSG:4326 -a_ullr -180 90 -90 0 A1.png A1.tif
gdalbuildvrt world.vrt A1.tif A2.tif B1.tif B2.tif C1.tif C2.tif D1.tif D2.tif
gdal_translate -co TILED=YES -co COMPRESS=DEFLATE -co PREDICTOR=2 -co BIGTIFF=YES world.vrt world.tif
```

முதல் வரியை எட்டுத் துண்டுகளுக்கும் அதனதன் எல்லைகளோடு ஓட்ட வேண்டும். மூன்றாவது வரியில் இருக்கும் `BIGTIFF=YES` அலங்காரம் அல்ல. பழைய டிஃப் வடிவம் கோப்புக்குள் இடங்களைக் குறிக்க 32 பிட் எண்களைப் பயன்படுத்துவதால் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அசல் படம் மூன்றரை ஜிபியில் சிக்கலில்லாமல் எழுதப்பட்டிருக்கும். உள்ளேயே பிரமிடு கட்டத் தொடங்கிப் பாதி வழியில் `Maximum TIFF file size exceeded` என்ற செய்தியோடு நின்றுவிடும். வளரப்போகிற கோப்பை முதலிலேயே பிக்டிஃப்பாக எழுதிவிடுவது நல்லது.

பிரமிடு கட்டுவது ஒரே வரி:

```
gdaladdo -r average world.tif 2 4 8 16 32 64
```

கட்டளை வரி பழகாதவர்கள் கியூஜிஐஎஸ்ஸில் அடுக்கின் Properties சாளரத்தைத் திறந்து Pyramids பக்கத்துக்குப் போகலாம். வேண்டிய அளவுகளைத் தேர்ந்து, சுருக்கும் முறையைச் சொல்லி, பொத்தானை அழுத்தினால் அதே ஜிடால் அதே வேலையைச் செய்யும். ஆர்க்ஜிஐஎஸ்ஸில் Build Pyramids என்ற கருவி.

கடைசியில் உள்ள எண்கள் எத்தனை மடங்கு சுருக்கம் என்பதைச் சொல்கின்றன. கடைசி நிலை திரையைவிடச் சிறியதாகிவிட்டால் போதும். இங்கே 64-ஆவது மடங்கில் படம் 1,350 × 675 ஆகிவிடுகிறது. ஜிடால் 2.3 பதிப்பிலிருந்து எண்களைக் கொடுக்காமலும் விடலாம். 256 பிக்சலுக்குள் அடங்கும்வரை அதுவே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போகும். இரண்டாயிரம் பிக்சல் அகலமுள்ள சின்னப் படத்துக்குப் பிரமிடு கட்டுவது வீண்வேலை. வேலை நடந்ததா என்று பார்க்க `gdalinfo world.tif` என்று கேட்டால் ஒவ்வொரு வண்ணப் பட்டைக்கும் கீழே இப்படி வர வேண்டும்:

```
Band 1 Block=256x256 Type=Byte, ColorInterp=Red
  Overviews: 43200x21600, 21600x10800, 10800x5400, 5400x2700, 2700x1350, 1350x675
```

`Block=86400x1` என்று இருந்தால் டைல் இல்லை. இரண்டாவது வரியே இல்லாவிட்டால் பிரமிடு இல்லை. எந்தப் படம் ஏன் மெதுவாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இந்த இரண்டு வரிகளே பெரும்பாலும் போதும்.

வேகம் இவ்வளவில் கிடைத்துவிடும். திரையில் தெரிவது உண்மைதானா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் `-r` என்ற சிறு குறியில் இருக்கிறது. நான்கு பிக்சல்களை ஒன்றாக்கும்போது அந்த ஒன்றுக்கு எந்த மதிப்பைக் கொடுப்பது? `-r` சொல்லாமல் விட்டால் `gdaladdo` எடுத்துக்கொள்வது `nearest` முறை: ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கிப்போடுவது. வேகமானது, ஆனால் முரடானது. 32 மடங்குச் சுருக்கத்தில் 1,024 பிக்சல்களில் ஒன்று மட்டுமே பிழைக்கிறது. ஸ்கேன் செய்த நிலவரைபடத்தில் மூன்று பிக்சல் தடிமனுள்ள சாலைக்கோடு இந்த முறையில் துண்டு துண்டாக அறுந்து, புள்ளிகளாகச் சிதறி, சில இடங்களில் காணாமலே போகும். எழுத்துகள் கரையான் அரித்தவை போலத் தெரியும். செயற்கைக்கோள் படமோ பொரிபொரியாகத் தோன்றும். படத்தின் தரம் மோசம் என்று பழி சுமத்தப்படும் பல கோப்புகளின் உண்மையான குற்றம், யோசிக்காமல் கட்டிய பிரமிடுதான்.

`average` நான்கையும் கூட்டி நாலால் வகுக்கிறது. புகைப்படம் போன்ற படங்களுக்கும், கோட்டு வரைபடத்தின் ஸ்கேனுக்கும் இதுவே பாதுகாப்பான தேர்வு. கோடு மங்கலாகும், ஆனால் அறாது. `cubic` முறை இன்னும் கூர்மையாகக் காட்டும். அழகு முக்கியம் என்றால் அதை எடுக்கலாம்.

ஆனால் எண் அளவைக் குறிக்காமல் வகையைக் குறிக்கும் படங்களில் சராசரி பெரிய பொய்யைச் சொல்லிவிடும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ‘வேர்ல்டு கவர்’ நிலப்பரப்பு வரைபடத்தைப் பார்ப்போம். உலகம் முழுவதையும் பத்து மீட்டர் பிக்சல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பதை ஒரு எண்ணால் சொல்கிறது: 10 மரம், 30 புல்வெளி, 40 பயிர்நிலம், 50 கட்டடம், 60 வெற்று நிலம், 80 நீர்நிலை. ஏரிக்கரையை ஒட்டிய வயலில் இரண்டு பிக்சல் பயிர், இரண்டு பிக்சல் தண்ணீர் என்று கொள்வோம். 40, 40, 80, 80 ஆகியவற்றின் சராசரி 60. வயலும் ஏரியும் சந்திக்கும் இடத்தில் கரை நெடுகிலும் வெற்று நிலம் முளைத்துவிடும்! வீடும் மரமும் கலந்த தெருவில் 50, 10 சராசரியாகி 30 ஆகும், நகரம் புல்வெளியாகிவிடும். கோப்பில் வண்ண அட்டவணை இருந்தால் ஜிடால் எண்களை விட்டுவிட்டு நிறங்களைச் சராசரி எடுத்து, அதற்கு நெருங்கிய நிறத்தின் எண்ணைத் தேர்ந்தெடுக்கும். அதுவும் இல்லாத வகையை உண்டாக்கக்கூடியதே. கோளாறை அடையாளம் காண்பது எளிது: தூரத்தில் வகைகளின் எல்லையோரமாக மூன்றாவது நிறத்தில் ஒரு கரை ஓடும், கிட்டே போனால் மறைந்துவிடும்.

வகைப் படங்களுக்கு இரண்டு முறைகள் பொருந்தும். `mode` பெரும்பான்மையான எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. படம் துப்புரவாகத் தெரியும். ஆனால் சிறுபான்மை அழிந்துபோகும். பரந்த வயல்களுக்கு நடுவே ஓடும் குறுகிய வாய்க்கால் ஒவ்வொரு சதுரத்திலும் தோற்றுக்கொண்டே வந்து, மேல் நிலைகளில் இல்லாமலே போகும். `nearest` முறையில் வாய்க்கால் அறுந்து அறுந்து தெரிந்தாலும், மொத்தப் படத்தில் வகைகளின் விகிதம் ஏறத்தாழக் காப்பாற்றப்படுகிறது. அலுவலக வரைபடத்துக்கு `mode`, தரவைச் சோதிக்க உட்காரும் ஆய்வாளருக்கு `nearest` என்பது நியாயமான பங்கீடு. எப்படியிருந்தாலும் அசலில் இல்லாத எண்ணை இவ்விரண்டும் புதிதாக உண்டாக்குவதில்லை.

உயரத் தரவில் வேறொரு பொறி இருக்கிறது. அமெரிக்க விண்கலம் 2000-ஆம் ஆண்டு ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில், அளவு கிடைக்காத இடங்களுக்கு -32768 என்ற எண் இட்டிருந்தார்கள். ‘இது வெற்றிடம்’ என்று கோப்பின் தலைப்பில் அறிவித்திருந்தால் ஜிடால் அந்தப் பிக்சலைச் சராசரியில் சேர்க்காது. வடிவம் மாற்றும்போதோ ஒட்டும்போதோ அந்த அறிவிப்பு தொலைந்திருந்தால், மூன்று பிக்சல் 100 மீட்டர், ஒன்று வெற்றிடம் என்ற இடத்தின் சராசரி -8,117 மீட்டர். மலைச்சரிவில் ஆழ்கடலுக்கு நிகரான குழி தோன்றும். அந்த எண் இனி -32768 அல்ல என்பதால், பின்னால் வெற்றிடத்தை அறிவித்தாலும் பிரமிடுக்குள் புகுந்துவிட்ட குழி போகாது. எனவே அறிவிப்பு முதலில், பிரமிடு பிறகு:

```
gdal_edit.py -a_nodata -32768 dem.tif
gdaladdo -r average dem.tif 2 4 8 16 32
```

டிரோன் படங்களின் விளிம்பில் தெரியும் கருப்பு அல்லது சாம்பல் நிற ஓரமும் இதே வகை. சுற்றியுள்ள வெற்றிடத்தின் சுழியம் விளிம்புப் பிக்சல்களோடு கலந்துவிட்டதன் அடையாளம் அது.

உயரத் தரவில் சராசரியின் இன்னொரு விளைவையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது பிழை அல்ல, ஆனால் ஏமாற்றும். முப்பது மீட்டர் பிக்சல்களை 32 மடங்கு சுருக்கினால் ஒரு பிக்சல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஆனைமுடியின் 2,695 மீட்டர் உச்சி, சுற்றியுள்ள சரிவோடு கலந்து தாழ்ந்துவிடும். மென்பொருள்கள் நிறம் தீட்டுவதற்காக மதிப்புகளின் கீழெல்லை மேலெல்லையை அவசரத்துக்கு மதிப்பிடும்போது பிரமிடிலிருந்தே எடுத்துக்கொள்வது வழக்கம். `gdalinfo -approx_stats` தரும் பெரும மதிப்பும் அத்தகையதே. அறிக்கையில் உச்ச உயரத்தை எழுத வேண்டியிருந்தால் முழுக் கணக்கான `-stats` தேவை. இதன் மறுபக்கமும் உண்டு. கியூஜிஐஎஸ்ஸில் மதிப்பு எல்லைகளுக்கான துல்லியத்தை Actual என்று வைத்திருந்தால், நிறம் தீட்டுவதற்கே மென்பொருள் முழுக் கோப்பையும் படிக்கும். பிரமிடு இருந்தும் திறப்பதற்குத் தாமதமாகிறது என்றால் அந்த அமைப்பைப் பார்க்க வேண்டும்.

கட்டிய பிரமிடு எங்கே இருக்கும்? டிஃப்பில் அசல் கோப்புக்குள்ளேயே எழுதலாம். `-ro` என்ற குறி கொடுத்தால் `world.tif.ovr` என்று பக்கத்தில் தனிக்கோப்பாக வரும். எழுத அனுமதி இல்லாத இடத்திலிருக்கும் கோப்புக்கும், ஒரு பைட்கூட மாறக் கூடாத மூலத் தரவுக்கும் தனிக்கோப்பே வழி. பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு வேறு முறையில் கட்டிக்கொள்ளலாம். உள்ளே எழுதியதை `gdaladdo -clean` நீக்கும் என்றாலும் கோப்பின் பருமன் குறையாது. பழைய பிரதிகள் இருந்த இடம் பயனில்லாமல் உள்ளேயே கிடக்கும். தனிக்கோப்பின் பலவீனம் ஒன்றே ஒன்று. படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பவர் `.tif` கோப்பை மட்டும் பிடித்துக் கொடுத்துவிடுவார், வாங்கியவர் கணினியில் அது ஊரும். பெயரை மாற்றும்போதும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தனிக்கோப்பு பெரிதாகிவிடாமல் இருக்க அமுக்கச் சொல்லலாம்:

```
gdaladdo -ro -r average --config COMPRESS_OVERVIEW DEFLATE world.tif 2 4 8 16 32 64
```

டைல், அமுக்கம், பிரமிடு மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க இப்போது சிஓஜி என்ற ஒழுங்கு வந்திருக்கிறது. இணையத்தில் இருக்கும் கோப்பிலிருந்து வேண்டிய துண்டை மட்டும் இழுப்பதற்காக உருவான டிஃப் அமைப்பு இது. ஓஜிசி அமைப்பு 2023-இல் இதைத் தரமாக ஏற்றது. மேசைக் கணினியிலும் அதே அமைப்பு அதே பலனைத் தருகிறது. ஜிடால் 3.1-இலிருந்து நேரடியாக எழுதலாம்:

```
gdal_translate -of COG -co COMPRESS=DEFLATE -co BIGTIFF=YES -co OVERVIEW_RESAMPLING=AVERAGE world.vrt world_cog.tif
```

புதிதாக எழுதப்படும் பெரிய படங்களுக்கு இதைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை. வேலை நடக்கும்போது தற்காலிகக் கோப்புகளுக்காக வட்டில் தாராளமாக இடம் இருக்க வேண்டும். சுருக்கும் முறையை இங்கேயும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வண்ண அட்டவணை இல்லாத வகைப் படத்துக்குச் சும்மா விட்டால் அது `cubic` முறையை எடுத்துக்கொள்ளும், மேலே சொன்ன அதே ஏரிக்கரைக் கோளாறு வரும். இந்த வடிவில் எழுதிய கோப்பின் மேல் பிறகு `gdaladdo` ஓட்டினால் உள் ஒழுங்கு குலைந்துவிடும். மாற்றம் தேவைப்பட்டால் முழுதாக மறுபடி எழுதுவதே முறை.

ஒரு கோப்பை நகலெடுத்து மாற்றும்போது பிரமிடு கூடவே வரும் என்று நம்பக் கூடாது. சாதாரண `gdal_translate` பிக்சல்களை மட்டுமே எடுத்துச் செல்லும். பல துண்டுகளை ஒட்டிய புதிய கோப்பிலும், எல்லை வெட்டிய கோப்பிலும் பிரமிடு இருக்காது. வேர்ல்டு கவர் துண்டுகளை இறக்கித் திறந்தபோது சட்டென்று திறந்ததே, ஒட்டியபின் ஏன் திணறுகிறது என்பதற்கு விடை இதுதான்.

இதைவிட மோசமானது, பிரமிடு இருந்தும் பழையதாகிப் போவது. அசல் படத்தின் பிக்சல்களைத் திருத்தினால் பிரமிடு தானாக மாறுவதில்லை. ஒரு பகுதியைப் புதிய படத்தால் மாற்றியபின் தூரத்திலிருந்து பார்த்தால் பழைய நிலமே தெரியும். கிட்டே நெருங்கினால் ஒரு கட்டத்தில் படம் சட்டென்று மாறிப் புதிய நிலம் வரும். போன மாதத்து `world.tif` இருந்த இடத்தில் அதே பெயரில் இந்த மாதத்துப் படத்தை வைத்து, பழைய `world.tif.ovr` கோப்பை அப்படியே விட்டுவிட்டாலும் இதுவே நடக்கும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. அசல் படத்தில் கை வைத்த ஒவ்வொரு முறையும் `gdaladdo -clean` ஓட்டிவிட்டுப் பிரமிடைப் புதிதாகக் கட்ட வேண்டும்.